கூடாரத்துக்குப் போகும் புட்டிங்: ஜெலட்டினா, அகார்-அகாரா?

போன வருஷம் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில், அத்தை மகளுக்கு 21-ஆவது பிறந்தநாள். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, மாலை ஆறு மணிக்கு விருந்து. இனிப்புக்குப் பால் புட்டிங், 40 கப், என்னிடம் கேட்டார்கள். மகள் காட்டிய செய்முறையில் ஜெலட்டின் இருந்தது: அரை லிட்டர் பாலும் கிரீமும் சேர்ந்ததற்கு 7 கிராம் தூள். அத்தை மூன்று விஷயம் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கப்பை எல்லாம் மேசையில் அடுக்கிவிட வேண்டும், பத்து மணி வரை வந்து போகிற ஆள்கள் இருப்பார்கள். தோட்டத்திலிருந்து வரும் பெரியவர்களில் பாதிப் பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், சிலர் சுத்த சைவம். அப்புறம், ஐஸ்பெட்டியில் குளிர்பானமும் கேக்கும் வைக்கவே இடம் போதாது.

இந்த மூன்றையும் கேட்டதும் ஜெலட்டின் சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை எடுத்துவிட்டு அகார்-அகார் போட்டால் அதே புட்டிங் வருமா என்றால், வராது. வேறு ஒரு புட்டிங் வரும். அதையும் நல்ல புட்டிங்காக வரவைக்கலாம். எவ்வளவு போடுவது, எப்போது ஊற்றுவது, வாயில் எப்படி இருக்கும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் யார் சாப்பிடுவார்கள் என்பதைப் பார்ப்போம். ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜனைக் காய்ச்சி எடுப்பது. பன்றி, மாடு, மீன், மூன்றிலிருந்தும் வருகிறது. நம் ஊர்க் கடைகளில் ஹலால் முத்திரை போட்ட பொட்டலம்தான் அதிகம். முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று நம்பலாம். ஆனால் அது சைவம் என்று அந்த முத்திரை சொல்லவில்லை. பெரும்பாலும் உள்ளே இருப்பது மாட்டு ஜெலட்டின். "ஹலால் தானே, எல்லாரும் சாப்பிடலாம்" என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாட்டிறைச்சி விட்டவர்கள் வீட்டில் இந்த ஒரு வார்த்தையால் தெரியாமல் பரிமாறிவிடுகிறோம். பொட்டலத்தின் பின்னால் 'லெம்பு' என்று மலாயில் போட்டிருக்கிறதா, 'ஈக்கான்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈக்கான் என்றால் மீன் ஜெலட்டின், அது மாட்டிறைச்சி விட்டவர்களுக்கு ஆகும், சைவர்களுக்கு ஆகாது. அகார்-அகார் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அதில் இந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது சூடு. எங்கள் ஊருக்கு உண்மையில் இதுதான் பெரிய விஷயம். ஜெலட்டின் வெதுவெதுப்பான பாலிலேயே கரைந்துவிடும், 50, 60 டிகிரி போதும். ஆனால் உறைய 15 முதல் 20 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். அதாவது ஐஸ்பெட்டி இல்லாமல் மலேசியாவில் அது உறையவே உறையாது. உறைந்த பிறகும் 30 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கூடாரத்துக்குள் மாலையில்கூட 30-க்குக் குறையாது. ஒரு முறை நான் ஜெலட்டின் புட்டிங்கைத் தட்டில் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்துவரப் போனேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் விளிம்பு மழுங்கி, அடியைச் சுற்றிப் பால் வளையம் போல நின்றது.

அகார்-அகாரின் குணம் இதற்கு நேர் எதிர். கரைவதற்கு நன்றாகக் கொதிக்க வேண்டும். ஆனால் உறைவது 35 முதல் 40 டிகிரிக்குள்ளேயே. அப்படியானால் மேசையின் மேல் வைத்தாலே போதும், முக்கால் மணி நேரத்தில் உறைந்திருக்கும். ஒரு முறை உறைந்துவிட்டால் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். உறைகிற சூட்டுக்கும் உருகுகிற சூட்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் வெயிலில் வைத்தாலும் அது கரைவதில்லை.

இந்தக் குணத்துக்கு ஒரு பழைய கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஜெலட்டின் உருகிப் போகும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் ஜெல்லியும் புட்டிங்கும் செய்ய அகார்-அகார் பயன்படுத்துகிறவர். ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டுக் குடும்பத்திடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டது. அதைப் போட்டுப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அதன் மேல்தான். நம் பக்கத்துச் சமையலறையிலிருந்து போன பொருள் அது, பெயரே மலாய்ப் பெயர்.

சரி, அளவுக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். அந்தச் செய்முறையை முதலில் வீட்டில் செய்து பார்த்தபோது 7 கிராம் ஜெலட்டினுக்குப் பதில் 7 கிராம் அகார்-அகார் தூளையே போட்டேன். உறைந்தது, ஆனால் கரண்டி இறங்கவில்லை. அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "என்னம்மா இது, ரப்பர் ஷீட் மாதிரி இருக்கு" என்றார். இருபது வருஷம் பால் வெட்டியவர் அவர். ரப்பர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அகார்-அகார் தூள் ஜெலட்டினைவிடப் பல மடங்கு வலுவாகப் பிடிக்கும். தட்டில் கவிழ்த்து, கத்தியால் வெட்டுகிற மாதிரி வேண்டுமென்றால் அரை லிட்டருக்கு 2.5 கிராம் போதும். கப்பிலேயே வைத்துக் கரண்டியால் எடுக்கிற மென்மை வேண்டுமென்றால் 1.5 கிராம். ஆக, ஜெலட்டினில் மூன்றில் ஒரு பங்கு, இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் அதற்கும் குறைவு. கடையில் கிடைக்கும் பொட்டலத்தின் மேல் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் என்பது போல எழுதியிருக்கும். அது சீனி போட்டுச் செய்து, துண்டு போட்டுக் கையில் எடுத்துச் சாப்பிடுகிற நம் வழக்கமான அகார்-அகாருக்கான அளவு. அதே அளவில் பால் புட்டிங் செய்தால் பால் கட்டியாகத்தான் வரும்.

இவ்வளவு சின்ன எடையைச் சமையலறைத் தராசு சரியாகக் காட்டாது. கரண்டி அளவும் ஒவ்வொரு தூளுக்கும் மாறும். நான் செய்வது இதுதான்: 10 கிராம் பொட்டலத்தை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, கத்தி முனையால் நீளமாக ஒரு கோடு போலப் பரப்பி, நான்கு சம பங்காகப் பிரிப்பேன். ஒரு பங்கு 2.5 கிராம். வாங்கும்போது பொட்டலத்தில் சீனியும் நிறமும் வாசனையும் கலக்காத வெறும் தூளா என்று பாருங்கள். ஜெல்லித் தூள் என்று விற்பதில் பெரும்பாலும் வேறு பசைகள் கலந்திருக்கும், அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

நாரு நாராக, நீளமாகக் கட்டிவைத்து விற்கும் அகார்-அகாரும் இருக்கிறது. பாட்டிகள் அதைத்தான் விரும்புவார்கள். பிடிப்பு தூளைவிடக் குறைவு, எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும், ஊறவைத்துக் கொதிக்கவைக்கவும் நேரம் ஆகும். புட்டிங்குக்கு நான் தூளையே எடுப்பேன். நாரில் ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், 1.5 கிராமையும் 2.5 கிராமையும் வேறுபடுத்திப் பார்க்கிற வேலைக்கு அது ஆகாது.

இப்போது அடுப்பில் நடப்பது. தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி ஐந்து நிமிஷம் விட வேண்டும். சூடான தண்ணீரில் கொட்டினால் மேலே கட்டி கட்டும். பிறகு கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். கரண்டியை எடுத்து அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சின்னச் சின்ன மணலாகத் தெரிந்தால் இன்னும் கரையவில்லை. கண்ணாடி மாதிரி வழிந்தால் ஆயிற்று. சீனியை அதற்குப் பிறகே போடுங்கள். முன்னாலேயே போட்டால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு தூளைக் கரையவிடாது.

பாலில் நேராகத் தூளைப் போட்டுக் கொதிக்கவைக்கிறவர்களும் உண்டு. அடி பிடிக்கும், பொங்கும், தூள் கரைந்ததா என்று வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் தனியாகக் கரைத்து, ஆவி பறக்கிற பாலில் ஊற்றுவதே நல்லது. பால் சூடாக இருப்பது இங்கே மிக முக்கியம். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அதில் ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே 40 டிகிரிக்குக் கீழே போய் அங்கங்கே உறைந்துவிடும். பார்த்தால் பால் திரிந்த மாதிரி நூல் நூலாக மிதக்கும். பால் திரியவில்லை, அகார்-அகார்தான் அவசரப்பட்டு உறைந்திருக்கிறது. மறுபடி அடுப்பில் வைத்துக் கொதி வரும்வரை சூடாக்கினால் சரியாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் அகார்-அகாருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு தேக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் அது எப்படி உறையும் என்று தெரிந்துவிடும். விரலால் தள்ளினால் மடிந்து நடுங்க வேண்டும். உருண்டு ஓடினால் கட்டி, இன்னும் கொஞ்சம் சூடான பால் சேருங்கள். பரவிக்கொண்டே போனால் நீர்த்தது, இன்னும் ஒரு சிட்டிகைத் தூளைக் கால் கப் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். ஜெலட்டினில் இப்படிச் சோதிக்க ஐஸ்பெட்டி வேண்டும், அதன் முழுப் பிடிப்பு தெரிய ஒரு ராத்திரியே ஆகும்.

அளவு, சூடு இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டாலும் வாயில் இருக்கும் வித்தியாசம் மறையாது. ஜெலட்டின் நம் உடம்பின் சூட்டிலேயே உருகும். நாக்கில் வைத்ததும் கரைந்து, பாலும் வாசனையும் வாய் முழுக்கப் பரவும். மேசையைத் தட்டினால் ஆடும், வளைந்து திரும்ப வரும். அகார்-அகார் வாயில் உருகாது. கடித்தால் சட்டென்று உடையும், வெட்டினால் விளிம்பு கூராக நிற்கும். இனிப்பும் வாசனையும் மென்ற பிறகுதான் வெளியே வரும். அதனால் அதே சீனி போட்டாலும் இனிப்புக் குறைந்த மாதிரி இருக்கும். அரை லிட்டருக்கு 60 கிராம் சீனி என்றால் நான் 70 போடுவேன், பாண்டான் இலையும் ஒன்று கூடுதலாக.

உடைகிற குணத்தைக் குறைக்க நான் கண்ட நல்ல வழி சோளமாவு. 2.5 கிராம் அகார்-அகார் போடுகிற இடத்தில் 1.5 கிராம் மட்டும் போட்டு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவைச் சேர்ப்பது. மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து, அந்தப் பால் கொதித்துக் கெட்டியாகும்வரை கிளறிவிட்டு, அதில் அகார்-அகார் தண்ணீரை ஊற்ற வேண்டும். மாவு தரும் குழைவு அகார்-அகாரின் உடைவை மறைத்துவிடும். ஜெலட்டின் மாதிரி உருகாது, ஆனால் கரண்டியில் எடுத்தால் கஸ்டர்டுக்கும் அகார்-அகாருக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போகும். கிரீம் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

பழம் சேர்க்கிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை அன்னாசி, பப்பாளி இரண்டிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம், அதனால் அவற்றைப் போட்டால் உறையவே உறையாது, பழத்தை வேகவைத்துத்தான் போட வேண்டும். அகார்-அகார் புரதம் இல்லை, பச்சைப் பழத்தைத் தாராளமாகப் போடலாம். ஆனால் புளிப்பு அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறோ புளிப்பு மாம்பழக் கூழோ சேர்த்துக் கொதிக்கவைத்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு, அதுவும் அறைச் சூட்டில் இருக்கும் கூழைத்தான் சேர்க்க வேண்டும்.

தேங்காய்ப்பாலில் செய்தால் கொழுப்பு மேலே ஏறி, அடியில் தெளிந்த பாகம், மேலே வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்து உறையும். அதையே அழகு என்று விரும்புகிறவர்களும் நம் ஊரில் உண்டு. பிரியக் கூடாது என்றால், பாத்திரத்திலேயே கிளறிக்கொண்டே ஆறவிட்டு, கொஞ்சம் கெட்டிப்படத் தொடங்கும்போது ஊற்றுங்கள்.

பிறந்தநாளுக்கு வருகிறேன். 40 கப், கப்புக்கு 100 மில்லி, மொத்தம் 4 லிட்டர். அகார்-அகார் 12 கிராம், சோளமாவு 8 மேசைக்கரண்டி. ஒரு லிட்டர் தண்ணீரில் அகார்-அகாரைக் கரைத்து, இரண்டரை லிட்டர் பாலில் மாவைக் காய்ச்சி, அரை லிட்டர் கிரீம் சேர்த்தேன். ஜெலட்டின் என்றால் இதற்கு 56 கிராம் போயிருக்கும். இவ்வளவு பெரிய அளவில் செய்யும்போது ஊற்றி முடிப்பதற்குள் பானையில் இருப்பது உறையத் தொடங்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். பானையின் ஓரத்தில் மெல்லிய தோல் படிந்தால் அதுதான் முதல் அறிகுறி. அப்போது கரண்டியால் ஊற்றிக்கொண்டே இருந்தால் கப்புக்குள் கட்டி கட்டியாக விழும். பானையைச் சுடுதண்ணீர் வைத்த பெரிய சட்டியில் இறக்கிவைத்துக்கொண்டேன், கடைசிக் கப் வரை வழவழப்பாக வந்தது.

மூன்று மணிக்கு ஊற்றியது நாலு மணிக்கெல்லாம் உறைந்துவிட்டது. சமையலறை மேசையில் துணி போட்டு மூடிவைத்தேன், ஐஸ்பெட்டிக்குப் போகவே இல்லை. பால் சேர்ந்த பண்டம் என்பதால் இப்படி வெளியே வைப்பது சில மணி நேரத்துக்குத்தான். காலையிலேயே செய்கிறவர்கள் குளிரில்தான் வைக்க வேண்டும். ஆறு மணிக்குக் கூடாரத்துக்குப் போன கப்கள் கடைசிவரை அப்படியே நின்றன. மகள் மட்டும், தான் படத்தில் பார்த்தது மாதிரி ஆடவில்லை என்றாள். அவள் சொன்னது சரிதான், ஆடாது.

மீதமிருந்த ஆறு கப்பை ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தபோது மேலே ஒரு தேக்கரண்டி தண்ணீர் நின்றது. அகார்-அகார் நாள் ஆக ஆக நீர் விடும். கெட்டுப்போகவில்லை, சாய்த்து ஊற்றிவிட்டுச் சாப்பிடலாம். இரண்டாம் நாளுக்கு மேல் வைக்காதீர்கள். உறையவைக்கும் பெட்டியில் வைத்தால் உருகும்போது பஞ்சு மாதிரி ஆகி எல்லா நீரையும் விட்டுவிடும். அடுக்கு அடுக்காகச் செய்கிறவர்களுக்கும் ஒன்று: கீழ் அடுக்கு லேசாகத் தோல் கட்டியதும் அடுத்ததைச் சூடாகவே ஊற்ற வேண்டும். முழுக்க ஆறிய அடுக்கின் மேல் ஊற்றினால், வெட்டும்போது இரண்டும் தனித்தனியாகக் கழன்றுவிடும்.

அகார்-அகாரால் முடியாத ஒரு வேலையும் சொல்ல வேண்டும். அடித்த கிரீமை மடித்துக் கலக்கும் மூஸ். ஜெலட்டின் கரைசல் 25 டிகிரிக்கு ஆறிய பிறகும் நீராகவே இருக்கும், குளிர்ந்த கிரீமில் மெல்லக் கலக்கலாம். அகார்-அகார் கரைசலைக் கிரீமில் ஊற்றிய கணத்திலேயே மணி மணியாக உறையும். சூடாக ஊற்றினால் கிரீம் இளகிவிடும். நானும் இரண்டு மூன்று விதமாக முயன்று பார்த்துவிட்டேன். அதற்கு மட்டும் மீன் ஜெலட்டின் வாங்கி வைத்திருக்கிறேன், சைவக்காரர்கள் வரும் வீட்டுக்கு மூஸ் செய்வதில்லை. வீட்டில் நாலு பேருக்கு, ஐஸ்பெட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு, யாருக்கும் தடை இல்லை என்றால் பால் புட்டிங்குக்கும் ஜெலட்டின்தான் என் தேர்வு, வாயில் உருகுகிற அந்தச் சுகத்துக்காக. கூடாரத்துக்கும் கோயில் விருந்துக்கும் தீபாவளி அன்று வாசல் திறந்துவைக்கும் வீட்டுக்கும் ஒன்றரை கிராம் அகார்-அகாரும் ஒரு கரண்டிச் சோளமாவும்.